‘வேலை பிடிச்சிருக்கு... ஆனா இப்போ வர முடியாது!’ - லிங்க்ட்இன்-ல் ரெக்ரூட்டர் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது?

“வணக்கம், உங்க ப்ரொஃபைல் பார்த்தேன். பெங்களூருல எங்க கம்பெனியில ஒரு வேலை இருக்கு. உங்களுக்குச் சரியா இருக்கும்னு தோணுது. பேசலாமா?”

எதிர்பார்க்காத நேரத்தில் லிங்க்ட்இன்-ல் இப்படி ஒரு மெசேஜ் வந்து விழுகிறது. சம்பளம் நன்றாக இருக்கும்போலத் தெரிகிறது, வேலையும் பிடித்த வேலைதான். ஆனால், இப்போதைக்குக் கிளம்ப முடியாத நிலை. பலரும் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘எப்படியும் போக முடியாது’ என்று பதிலே போடாமல் விடுகிறார்கள். அல்லது, “ஆமா, இன்ட்ரஸ்ட் இருக்கு” என்று சொல்லி, நான்கு ரவுண்ட் இன்டர்வியூ முடிந்து ஆஃபர் கைக்கு வந்த பிறகு, “கொஞ்சம் டைம் வேணும்” என்று இழுக்கிறார்கள். முதலாவதில் ஒரு தொடர்பு போகிறது. இரண்டாவதில் பெயரே கெட்டுப்போகிறது.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணச் சூழலை எடுத்துக்கொள்வோம்.

எமரால்டிலிருந்து பெங்களூருக்கு...

ஊட்டியை அடுத்த எமரால்டில், வீட்டிலிருந்தபடியே கோவை நிறுவனம் ஒன்றுக்காக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறார் ஒரு பெண். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். செப்டம்பர் 10-ம் தேதி அவருக்கு மேலே சொன்ன மெசேஜ் வருகிறது. பெங்களூரு நிறுவனத்தில் வாரம் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும். எமரால்டிலிருந்து போய்வருவது நடக்காத காரியம். மைசூரு வழியாகப் போனால், பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. எனவே, போனால் குடும்பத்தோடுதான் போக வேண்டும். பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில் நடக்கும். அதற்கு முன்னால் பையனைப் பள்ளி மாற்ற முடியாது.

“இப்போ முடியாதுங்க” என்பதுதான் அவர் மனதில் முதலில் தோன்றும் பதில். ஆனால், எது முடியாது என்று அவர் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

முடியாதது வேலை மாறவா, ஊர் மாறவா?

பதில் டைப் செய்வதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். சிலரால் இப்போதைய வேலையை விட முடியாது. பாண்ட் முடியாமல் இருக்கலாம், ஐந்து ஆண்டு முடிந்து கிராஜுவிட்டி கிடைக்க சில மாதங்களே பாக்கி இருக்கலாம். வேறு சிலரால் வேலையை விட முடியும், ஊரைத்தான் விட முடியாது. எமரால்டு பெண்ணின் நிலை இந்த இரண்டாவது வகை.

அப்படியென்றால் அவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் தேதி போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, தேர்வு முடிந்த பிறகு சேர்வது. அவருடைய நோட்டீஸ் பீரியட் 60 நாள். மார்ச் 1-ம் தேதி ராஜினாமா கொடுத்தால் ஏப்ரல் 30-ம் தேதி கடைசி வேலை நாள். மே முதல் வாரம் பெங்களூருவில் சேரலாம்.

இரண்டாவது வழி, முதலில் வீட்டிலிருந்தே சேர்ந்துவிட்டு, மே மாதம் பெங்களூருக்குக் குடிபோவது. இன்டர்வியூ எல்லாம் முடிந்து அக்டோபர் 10-ம் தேதி ஆஃபர் லெட்டர் வந்து, அன்றே ராஜினாமா கொடுத்தால், டிசம்பர் 9-ம் தேதி நோட்டீஸ் முடிகிறது. அடுத்த நாளே சேரலாம். நிறுவனம் ஐந்து மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்தால் போதும்.

‘இப்போ முடியாது’ என்று நினைத்த ஒரு வேலை, கணக்குப் போட்டதும் ‘டிசம்பரில் முடியும், ஒரு நிபந்தனையோடு’ என்று மாறிவிட்டது. ரெக்ரூட்டரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ரெக்ரூட்டர் பக்கம் என்ன நடக்கிறது?

ஒரு காலியிடத்துக்கு ஆள் தேடும் ரெக்ரூட்டர் ஒரே நேரத்தில் பலருக்கு மெசேஜ் போடுகிறார். அவருக்கு முக்கியம், அந்த இடத்தை எப்போது நிரப்ப முடியும் என்பதுதான். இந்தியாவில் பல ஐடி நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கிறது. அதனால் இரண்டு, மூன்று மாதம் காத்திருப்பது ரெக்ரூட்டர்களுக்குப் பழக்கப்பட்ட விஷயம். எட்டு மாதம் என்றால் பெரும்பாலும் காத்திருக்க மாட்டார்கள். அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பதில் போட்டு என்ன பயன்? அடுத்த காலியிடம் வரும்போது ரெக்ரூட்டர் முதலில் புரட்டுவது தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பட்டியலைத்தான். “பின்னாடி பார்க்கலாம்” என்று சொன்னவரை எப்போது கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியாது. “மே முதல் வாரம் சேரலாம், ஜனவரியில் பேசுங்கள்” என்று சொன்னவரை ஜனவரியில் கூப்பிடலாம். தேதி இல்லாத ஆர்வம் மறந்துபோகும்.

இன்னொரு விஷயம். அந்த மெசேஜ் ‘இன்மெயில்’ ஆக வந்திருந்தால், அது ரெக்ரூட்டரின் கணக்கிலிருந்து ஒரு கிரெடிட் செலவழித்து அனுப்பப்பட்டது. 90 நாள்களுக்குள் நீங்கள் பதில் போட்டால், அது ‘வேண்டாம்’ என்ற பதிலாக இருந்தாலும், அந்த கிரெடிட் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். எனவே, ‘முடியாதுன்னு சொல்லி எதுக்கு அவரைத் தொந்தரவு பண்ணணும்’ என்ற தயக்கமே தேவையில்லை.

பதில் எப்படி இருக்க வேண்டும்?

எமரால்டு பெண் அனுப்பும் பதில் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் விஷயம் இதுதான்.

“வணக்கம். தொடர்புகொண்டதற்கு நன்றி. ஆட்டோமேஷன் டெஸ்டிங் வேலை என்பதால் ஆர்வமாக இருக்கிறேன். குடும்பக் காரணத்தால் ஏப்ரல் இறுதிவரை நீலகிரியிலிருந்து இடம்பெயர முடியாது. என் நோட்டீஸ் பீரியட் 60 நாள். அதுவரை வீட்டிலிருந்து வேலை பார்க்க வாய்ப்பு இருந்தால், டிசம்பர் இரண்டாம் வாரம் சேர முடியும். இல்லையென்றால், மே முதல் வாரம் பெங்களூருவில் சேர முடியும். இந்த இடத்துக்கு அது ஒத்துவராவிட்டால், ஜனவரியில் மீண்டும் பேசலாமா?”

ஆர்வம் எதில் என்பது இதில் இருக்கிறது. என்ன தடை, அது எந்தத் தேதியில் நீங்கும் என்பதும் இருக்கிறது. காரணம் இரண்டே சொல்லில் முடிந்துவிட்டது. மகனின் தேர்வு, வீட்டில் யாருக்காவது உடல்நிலை போன்றவற்றை முதல் மெசேஜிலேயே விளக்கத் தேவையில்லை. இப்போதைய நிறுவனத்தைப் பற்றிய குறைகளும் வேண்டாம். நீங்கள் எழுதுவதை ரெக்ரூட்டர் அப்படியே இன்னொருவருக்கு அனுப்பலாம்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகச் சொன்னால், “அங்கே நெட் ஒழுங்கா வருமா?” என்ற கேள்வி நிச்சயம் வரும். எமரால்டுக்கு அது நியாயமான கேள்விதான். 2019 ஆகஸ்ட்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கரன்ட்டும் போகும், நெட்டும் போகும். ஆனால், அவர் கேட்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான். தென்மேற்குப் பருவமழை தொடங்குவது ஜூனில். இதையும், கரன்ட் போனால் சமாளிக்க யு.பி.எஸ். இருக்கிறதா, மாற்று சிம் இருக்கிறதா என்பதையும் உள்ளபடி சொல்லிவிடலாம்.

ரெஸ்யூமை உடனே அனுப்பலாமா?

“பரவாயில்லை, ரெஸ்யூம் மட்டும் அனுப்பி வைங்க” என்று ரெக்ரூட்டர் கேட்பார். இங்கேதான் கவனம் தேவை. முதலில் அவர் அந்த நிறுவனத்தின் சொந்த ஹெச்.ஆரா, வெளி ஏஜென்சியா என்று பாருங்கள்.

ஏஜென்சிக்கு, அது அனுப்பிய ஆள் சேர்ந்தால்தான் நிறுவனத்திடமிருந்து கமிஷன் கிடைக்கும். அதனால், முதலில் ரெஸ்யூமை அனுப்பிய ஏஜென்சிக்கே அந்த நபர் ‘சொந்தம்’ என்று பல நிறுவனங்கள் குறிப்பிட்ட காலத்துக்குக் கணக்கு வைத்துக்கொள்கின்றன. நீங்கள் இப்போது ரெஸ்யூம் கொடுத்துவிட்டு, சில மாதம் கழித்து அதே நிறுவனத்துக்கு நேரடியாகவோ நண்பரின் பரிந்துரையிலோ போனால், யாருக்குக் கமிஷன் என்ற சிக்கல் வரும். இரண்டு ஏஜென்சிகள் ஒரே ஆளை அனுப்பிவிட்டால், வம்பே வேண்டாம் என்று அந்த ஆளையே ஒதுக்கிவிடுவதும் உண்டு.

எனவே ஏஜென்சி என்றால், “எந்த நிறுவனம் என்று சொன்ன பிறகு அனுப்புகிறேன். என்னைக் கேட்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்” என்று எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. ரெஸ்யூம் அனுப்பவோ, இன்டர்வியூவுக்கோ பணம் கேட்டால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். அது மோசடி.

“முதல்ல இன்டர்வியூ கொடுங்க, அப்புறம் பார்க்கலாம்!”

தேதி சொன்ன பிறகும் சிலர் இப்படி வற்புறுத்துவார்கள். “நோட்டீஸ் பீரியடுக்கான பணத்தை நாங்களே கட்டிடுறோம்” என்பதும் வழக்கமாக வரும் வார்த்தை. அந்தப் பணம் 60 நாளைக் குறைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வை முன்னால் கொண்டுவராது. தடை எது என்று முன்பே பிரித்துப் பார்த்தவருக்கு இதில் குழப்பம் வராது.

இன்டர்வியூவில் தேறாமல் போனால், அதே நிறுவனத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்கச் சில மாதம் காத்திருக்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தேறிவிட்டு, சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனாலோ, அடுத்த முறை அந்த ரெக்ரூட்டர் கூப்பிட மாட்டார். அதனால், வீட்டிலிருந்து வேலை, சேரும் தேதி இரண்டுக்கும் அந்த டீம் மேனேஜர் சம்மதித்தாரா என்று மெயிலில் தெரிந்துகொண்ட பிறகு இன்டர்வியூவுக்குப் போவதே சரி. ரெக்ரூட்டர் போனில் சொல்லும் “எல்லாம் பார்த்துக்கலாம்” மட்டும் போதாது. சம்மதிக்கவில்லை என்றால், 15 நிமிடம் போனில் பேசி அறிமுகமாகிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜனவரியில் என்ன செய்வது?

ரெக்ரூட்டர் மறந்துவிடுவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரிலேயே அவருடைய கனெக்‌ஷனில் சேர்ந்துகொண்டால், அவர் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் தொடர்பு இருக்கும். போனில் ஜனவரி இரண்டாம் வாரத்துக்கு ஒரு ரிமைண்டர் போட்டு வைத்து, பழைய மெசேஜுக்குக் கீழேயே எழுதலாம்: “செப்டம்பரில் பேசியிருந்தோம். சொன்னபடி மே முதல் வாரம் சேர முடியும். இப்போது ஏதாவது இடம் இருக்கிறதா?” தேர்வும் இன்டர்வியூவும் முடிந்து, மார்ச் 1-ம் தேதிக்குள் ஆஃபர் லெட்டர் கையில் இருக்க வேண்டும் என்பதால்தான் ஜனவரி. பிப்ரவரி கடைசியில் கேட்டால் மே மாதம் ஜூனாகிவிடும்.

அதே சமயம், லிங்க்ட்இன்-ல் ‘ஓபன் டு வொர்க்’ வசதியை ‘ரெக்ரூட்டர்களுக்கு மட்டும்’ என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்ள முயல்வதாகவும், ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்றும் லிங்க்ட்இன் தளமே சொல்கிறது. இப்போதைய அலுவலகத்துக்குத் தெரிந்தால் பிரச்னை என்றால், அதைத் தொடாமல், வந்த மெசேஜுக்கு மட்டும் ஆபீஸ் லேப்டாப்பில் அல்லாமல் சொந்த போனிலிருந்து பதில் போடுவதே பாதுகாப்பு.