லோகோவை நம்பிப் பணம் கட்டலாமா?

‘நான்கே வார இறுதி, 35 மணி நேரச் சான்றிதழ், பாஸ் ஆகாவிட்டால் பணம் வாபஸ், இன்னும் இரண்டே சீட்.’ சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையில் ஏழெட்டு ஆண்டு கடந்துவிட்டவரின் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு விளம்பரமாவது வந்து விழுந்திருக்கும். கீழே அமெரிக்க அமைப்பு ஒன்றின் லோகோ. பக்கத்திலேயே கோட்டு சூட்டில் ஒரு பயிற்சியாளர் சிரித்துக்கொண்டிருப்பார்.

விளம்பரம் குறிப்பிடும் தேர்வு பி.எம்.பி. ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழ் இது. நடத்துவது பி.எம்.ஐ. என்கிற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட். அமெரிக்காவில் 1969-ல் தொடங்கப்பட்ட அமைப்பு. பதவி உயர்வுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் இந்த மூன்றெழுத்து உதவும் என்பதால் தேர்வைச் சுற்றிப் பெரிய பயிற்சிச் சந்தையே உருவாகிவிட்டது. அந்தச் சந்தையில் பி.எம்.ஐ. அங்கீகரித்த நிறுவனங்களும் உண்டு, அங்கீகாரம் இல்லாமலே நன்றாகச் சொல்லித்தருபவர்களும் உண்டு, இரண்டிலும் சேராத வியாபாரிகளும் உண்டு. லோகோ மூன்று பேரிடமும் இருக்கும்.

பயிற்சி எதற்கு என்பதிலிருந்து தொடங்குவோம். பட்டதாரி ஒருவர் பி.எம்.பி.க்கு விண்ணப்பிக்க, ப்ராஜெக்ட்களை வழிநடத்திய 36 மாத அனுபவம் வேண்டும். அதோடு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டில் 35 மணி நேர வகுப்பை விண்ணப்பிக்கும் முன்பே முடித்திருக்கவும் வேண்டும். பி.எம்.ஐ.யின் தொடக்கநிலைச் சான்றிதழான சி.ஏ.பி.எம். வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த 35 மணி நேரத்திலிருந்து விலக்கு. மற்றவர்கள் எங்கேயாவது காசு கொடுத்துப் படித்தாக வேண்டும். விற்பவர்களின் தைரியமே அதுதான்.

எங்கே படிக்க வேண்டும் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். ‘அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் கூட்டாளி’ எனும் ஏ.டி.பி. திட்டத்தை பி.எம்.ஐ. 2020-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஆர்.ஈ.பி. என்றொரு பதிவுமுறை இருந்தது. பழைய முறையில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பாடத்தைத் தானே எழுதிக்கொண்டது. ஏ.டி.பி. முறையில் தேர்வுக்கான பாடப்பொருளை பி.எம்.ஐ.யே தயாரித்துக் கொடுக்கிறது. அதை நடத்தும் ஆசிரியரும் பி.எம்.ஐ.யின் பயிற்சியாளர் வகுப்பை முடித்திருக்க வேண்டும். இன்றும் ஒரு நிறுவனம் தன்னை ஆர்.ஈ.பி. என்று விளம்பரப்படுத்தினால், அந்தப் பதிவுமுறையே இப்போது இல்லை என்பது அதற்குத் தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஏ.டி.பி. அல்லாத இடத்தில் படித்தால் பணம் வீண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சில விற்பனையாளர்கள் அப்படிச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். பி.எம்.ஐ.யின் விதிப்படி கல்லூரிகள், வேலை செய்யும் நிறுவனமே நடத்தும் பயிற்சி, பி.எம்.ஐ. கிளைகள், தனியார் பயிற்சி நிறுவனங்கள், ஆலோசகர்கள் என எவர் நடத்திய வகுப்பும் அந்த 35 மணி நேரத்தில் சேரும். இணையவழிப் பாடமும் சேரும். ஆனால் முடிவில் மாணவரைச் சோதிக்கும் ஒரு தேர்வு அதில் இருக்க வேண்டும். சேராதது ஒன்று உண்டு: தானாகப் புத்தகம் படித்த நேரம். டெலிகிராமில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் திருட்டு வீடியோக்களிலிருந்து ஏதாவது தெரிந்துகொள்ளலாம்தான். விண்ணப்பத்தில் எழுத அதிலிருந்து ஒரு மணி நேரம்கூடத் தேறாது.

எல்லாத் தேர்வும் இப்படி இல்லை. ஸ்க்ரம் அலையன்ஸ் தரும் சி.எஸ்.எம். சான்றிதழுக்கு, அவர்கள் அங்கீகரித்த பயிற்சியாளரின் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அதே துறையில் ஸ்க்ரம்.ஆர்க் நடத்தும் பி.எஸ்.எம். முதல்நிலைத் தேர்வுக்கு வகுப்பே கட்டாயமில்லை. ஆகவே எந்தச் சான்றிதழுக்காக இருந்தாலும் நிறுவனங்களின் விலையை ஒப்பிடுவதற்கு முன், தேர்வு நடத்தும் அமைப்பின் கையேட்டில் தகுதிப் பகுதியை மட்டுமாவது வாசித்துவிட வேண்டும். பத்து நிமிட வேலை. விற்பவரிடம் கேட்டால் அவருக்குச் சாதகமான பாதிதான் கிடைக்கும்.

மேலே சொன்ன விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் விசாரிக்கிறார். நான்கு வாரம், சனி ஞாயிறு இரண்டு நாளும், காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரை வகுப்பு என்கிறார்கள். எட்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 32தான் வருகிறது. டீ இடைவேளையைக் கழித்தால் இன்னும் குறையும். ‘மிச்ச மூன்று மணி நேரம் செல்ஃப் ஸ்டடி சார், சர்ட்டிஃபிகேட்டில் 35 என்றே போட்டுத் தருவோம்’ என்று பதில் வருகிறது. கேட்பவருக்கு அது சலுகை போலத் தோன்றும். உண்மையில் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

காரணம், ஆடிட். விண்ணப்பங்களில் சிலவற்றை பி.எம்.ஐ. குலுக்கல் முறைபோலத் தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கிறது. அதில் மாட்டியவர் 90 நாளுக்குள் பட்டச் சான்றிதழின் நகல், அனுபவத்தை உறுதிசெய்யும் மேலாளர்களின் ஒப்புதல், 35 மணி நேரப் பயிற்சிக்கான சான்றிதழ் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். ஆடிட்டை முடிக்காமல் விட்டால் ஓராண்டு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. நடக்காத மணி நேரத்தைச் சான்றிதழில் எழுதியது பயிற்சி நிறுவனம்தான். ஆனால் விண்ணப்பத்தில் உள்ளதெல்லாம் உண்மை என்று உறுதியளித்திருப்பவர் விண்ணப்பதாரர். நிறுவனத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆகவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது, முன்பு முடித்த மாணவர் ஒருவரின் சான்றிதழ் மாதிரி. பெயரை மறைத்துக் காட்டினால் போதும். அதில் நிறுவனத்தின் பெயர், பாடத்தின் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணி நேரம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 35 மணி நேரத்தைச் சிலர் ‘35 பி.டி.யு.’ என்று எழுதியிருப்பார்கள். பி.டி.யு. என்பது ஏற்கெனவே பி.எம்.பி. பெற்றவர்கள் அதைப் புதுப்பிக்க மூன்றாண்டுக்கு 60 என்று சேர்க்கும் கணக்கு. அதற்காக உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது, நல்ல ஆசிரியர்களும் பேச்சுவாக்கில் அப்படிச் சொல்வதுண்டு. சான்றிதழிலேயே அப்படி அச்சிட்டிருந்தால் விஷயம் தெரியாதவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது லோகோ. ஒரு நிறுவனம் தன்னை ஏ.டி.பி. என்று சொன்னால் pmi.org தளத்தில் உள்ள பயிற்சிக் கூட்டாளிகள் பட்டியலில் அதன் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம். அங்கே இல்லையே என்று கேட்டால், ‘நாங்கள் ஒரு ஏ.டி.பி.யோடு டை-அப்’ என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் சான்றிதழ் யார் பெயரில் வரும், வகுப்பை நடத்துவது யாருடைய ஆசிரியர், ரசீது யார் தருவார் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்க வேண்டும். மூன்றிலும் வேறு வேறு பெயர் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் gst.gov.in தளத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம். பதிவான சட்டப்பூர்வப் பெயரும் வணிகப் பெயரும் அங்கே தெரியும். பளபளப்பான இணையதளத்தின் பின்னால் இருப்பது ஒரு தனிநபரின் கணக்குதான் என்பது சில நேரம் இந்த இடத்தில்தான் வெளிப்படும்.

நிறுவனத்தைவிட ஆசிரியரைச் சரிபார்ப்பது முக்கியம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பட்டியலில் உள்ள பெரிய நிறுவனத்திலும் டெமோ வகுப்பை ஒருவர் நடத்துவார், பணம் கட்டிய பிறகு வேறொருவர் வருவார். அதனால் அந்த பேட்ச்சுக்கு வரப்போகும் ஆசிரியரின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். அவரிடம் பி.எம்.பி. உண்டா, அது இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்பதை பி.எம்.ஐ.யின் சான்றிதழ் பதிவேட்டில் பெயரை வைத்து யாரும் தேடலாம். ஏ.டி.பி. ஆசிரியராகத் தகுதி பெற்றவருக்கு அதற்கென்றே தனி டிஜிட்டல் பேட்ஜ் உண்டு. கிரெட்லி தளத்தில் உள்ள அதன் இணைப்பைக் கேட்டால் உண்மையான ஆசிரியர் உடனே அனுப்பிவிடுவார். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் வந்தால் இணைப்பை மறுபடி கேட்க வேண்டும்.

பாடம் புதியதா என்பதையும் பார்த்தாக வேண்டும். 2021 ஜனவரியில் தேர்வு பெரிதாக மாறியது. மாற்றத்துக்கு முந்திய கேள்வித் தொகுப்புகளை இன்றும் ‘போனஸ்’ என்று சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. தேர்வில் என்னென்ன வரும் என்பதை பி.எம்.ஐ. ஓர் ஆவணமாக இலவசமாகவே வெளியிடுகிறது. அதில் எந்த ஆண்டின் பதிப்பை வைத்து நடத்துகிறீர்கள் என்று கேட்டால், தெரிந்தவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்.

‘98 சதவீதம் தேர்ச்சி’ என்ற வாசகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி.எம்.பி.யின் தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பதை பி.எம்.ஐ. வெளியிடுவதில்லை. தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுவதில்லை. எழுதியவருக்கே எண் கிடைக்காது, ஒவ்வொரு பகுதியிலும் இலக்குக்கு மேலா கீழா என்ற தரம்தான் வரும். ஆகவே அந்த 98, நிறுவனம் தானே எண்ணிக்கொண்ட கணக்கு. பாஸ் ஆனவர்கள் மகிழ்ச்சியில் தகவல் சொல்வார்கள், ஆகாதவர்கள் போனையே எடுக்க மாட்டார்கள். ‘பணம் வாபஸ்’ என்பதற்கும் எழுத்தில் நிபந்தனை கேட்க வேண்டும். பல இடங்களில் அதன் பொருள் அடுத்த பேட்ச்சில் இலவசமாக உட்காரலாம் என்பதுதான். தேர்வுக் கட்டணம் தனி, அது திரும்பாது.

அந்தக் கட்டணத்தை பி.எம்.ஐ. தளத்தில் தன் சொந்தக் கணக்கிலிருந்து விண்ணப்பதாரரே கட்டுவது நல்லது. ‘விண்ணப்பம், அனுபவ விவரம் எல்லாம் நாங்களே நிரப்பிவிடுகிறோம், லாகின் மட்டும் கொடுங்கள்’ என்பவர்கள், இன்னொருவருக்கு எழுதிய ப்ராஜெக்ட் விவரத்தையே பெயர் மாற்றி ஒட்டிவிடுவதுண்டு. ஆடிட் வந்தால் அந்த ப்ராஜெக்டைப் பற்றி மேலாளரிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது? இதற்கும் ஒரு படி மேலே போய், தேர்வே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் சரிபார்க்க எதுவுமில்லை. அனுப்பும் காகிதத்தில் உள்ள பெயர் பி.எம்.ஐ. பதிவேட்டில் வராது, வேலைக்கு எடுக்கும் நிறுவனம் தேடுவதும் அதே பதிவேட்டில்தான்.

இந்தியாவில் இதற்கெல்லாம் சட்டத்தின் துணை கொஞ்சம் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. தேர்ச்சி உறுதி என்று பொய்யாக அறிவிப்பதும், ‘இன்னும் இரண்டே சீட்’ என்று இல்லாத அவசரத்தைக் காட்டுவதும் அதன்படி கூடாது. ஆனால் 50 மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்களுக்கே அது பொருந்தும் என்பதால் வாட்ஸ்அப்பில் வகுப்பு விற்கும் சிறிய ஆள் நழுவிவிடலாம். ஏமாந்தவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம். அப்போது கையில் இருக்க வேண்டியவை விளம்பரத்தின் படம், ஜி.எஸ்.டி. ரசீது, மின்னஞ்சலில் வாங்கிய பதில்கள். தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டு ‘ரிசீவ்ட், தேங்க்ஸ்’ என்ற ஒற்றை மெசேஜை மட்டும் வைத்திருந்தால், எந்த நிறுவனத்தின் மேல் புகார் என்ற முதல் கேள்விக்கே பதில் சொல்வது சிரமம்.