நீசம் பங்கமானால்

மீன லக்னப் பெண் ஜாதகம். ஏழாமிடமான கன்னியில் சுக்கிரன். களத்திரகாரகன் களத்திர ஸ்தானத்திலேயே நீசம் என்றதும் தரகர் கட்டத்தை மடித்துவிடுவார். ஜோசியர் அடுத்துத் தேடுவது புதனை. கன்னிக்கு அதிபதி அவர்தான். நீச வீட்டின் அதிபதி லக்னத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில், அதாவது 1, 4, 7, 10இல் இருந்தால் நீசபங்கம் என்பது விதி.

இங்கே புதனும் கன்னியிலேயே, உச்சமாக. ஏழுக்கு உடையவரும் அவரே. ஆகவே 'மணவாழ்க்கை கெடும்' என்ற பலன், 'தாமதமாகும், ஆரம்பத்தில் உரசல் இருக்கும்' என்று இறங்குகிறது. தோஷம் அடியோடு போய்விட்டதாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். சூரியனை ஒட்டிப் புதன் அஸ்தங்கமாகியிருந்தால் பங்கமும் பலவீனம்தான்; அதற்கு ராசிக்கட்டம் போதாது, பாகை பார்க்க வேண்டும்.