சித்திரைக்கு அடுத்தது வைகாசி: எக்செலுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி

ஒரு செல்லில் Jan என்று தட்டுங்கள். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் அம்புக்குறி மெல்லிய கறுப்புக் கூட்டல் குறியாக மாறும். அப்படியே அழுத்திப் பிடித்துக் கீழே இழுத்தால் Feb, Mar, Apr என்று வரிசையாக வந்து விழும். எக்செல் பழகிய எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. அந்தச் சதுரத்துக்கு ஃபில் ஹேண்டில் என்று பெயர்.

அதே இடத்தில் சித்திரை என்று தட்டிவிட்டு இழுத்தால்? சித்திரை, சித்திரை, சித்திரை என்று கடைசிவரை ஒரே மாதம்தான்.

எக்செலுக்குத் தமிழ் வராது என்பது இதற்குக் காரணம் அல்ல. Jan-க்குப் பிறகு Feb என்பதும் அதற்குத் தானாகத் தெரிந்த விஷயம் இல்லை. ஆங்கிலக் கிழமைகளையும் மாதங்களையும் சுருக்கமாகவும் முழுமையாகவும் எழுதிய நான்கு பட்டியல்களை அதற்குள் முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். இழுக்கும்போது, செல்லில் இருக்கும் சொல் அந்தப் பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அடுத்த சொல்லை எடுத்துப் போடுகிறது. இல்லாவிட்டால் இருப்பதையே நகல் எடுக்கிறது. ஐந்தாவதாக நம்முடைய பட்டியல் ஒன்றையும் அங்கே சேர்த்துவிட்டால் போதும்.

முதல் வேலை, ஒரு ஷீட்டில் A1 முதல் A12 வரை, சித்திரையில் தொடங்கிப் பங்குனி வரை பன்னிரண்டு மாதங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டிக்கொள்வது. அந்தப் பன்னிரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு File, அதில் Options, அதில் Advanced என்று போக வேண்டும். வலப்பக்கம் நீளமாக ஓடும் பகுதியில் ஏறக்குறைய அடிவரை இறங்கினால் General என்ற தலைப்பு வரும். அதன்கீழ் Edit Custom Lists என்ற பொத்தான் இருக்கிறது. பலர் இந்த இடத்தில்தான் தேடிச் சலித்துத் திரும்பிவிடுகிறார்கள். பொத்தான் அவ்வளவு கீழே கிடக்கிறது. அதை அழுத்தினால் திறக்கும் பெட்டியின் அடியில், தேர்ந்தெடுத்த செல்களின் முகவரி ஏற்கெனவே வந்திருக்கும். Import அழுத்துங்கள். இடப்பக்கப் பட்டியலில் ஆங்கில மாதங்களுக்குக் கீழே சித்திரை, வைகாசி என்று தொடங்கும் ஒரு வரி சேர்ந்திருக்கும். OK கொடுத்து வெளியே வந்தால் வேலை முடிந்தது. மேக் கணினியில் இதே பெட்டி எக்செலின் Preferences பகுதியில் Custom Lists என்ற பெயரில் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துவோர் Tools, Options, LibreOffice Calc, Sort Lists என்று போக வேண்டும்.

இனி ஒரு ஏலச்சீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இருபது பேர், இருபது மாதம், ஆடியில் தொடக்கம். A2 முதல் A21 வரை 1 முதல் 20 வரை தவணை எண்கள். B2-இல் ஆடி. இப்போது சதுரத்தை இழுக்கக்கூட வேண்டாம். அதன்மேல் இருமுறை கிளிக் செய்தால் போதும். பக்கத்துப் பத்தியில் எண்கள் எதுவரை இருக்கின்றனவோ அதுவரை மாதங்கள் தாமாக நிரம்பும். ஆவணி, புரட்டாசி என்று போய், பங்குனி முடிந்ததும் பட்டியல் சுற்றிக்கொண்டு மறுபடி சித்திரையில் தொடங்கி, இருபதாம் தவணை மாசியில் வந்து நிற்கும்.

இந்தச் சுற்று வசதியானதுதான், ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இருபது வரிகளில் ஆடி இரண்டு முறை வருகிறது. ஆடி மாத வசூல் எவ்வளவு என்று SUMIF போட்டுக் கேட்டால், இரண்டு ஆண்டின் ஆடியையும் சேர்த்துக் கூட்டிக் கொடுத்துவிடும். எக்செலைப் பொறுத்தவரை ஆடி என்பது வெறும் சொல். அதற்குப் பின்னால் தேதியோ ஆண்டோ கிடையாது. ஆகவே C பத்தியில் ஆண்டையும் வைத்துக்கொள்வது நல்லது. C2-இல் 1 என்று போட்டு, C3-இல் இந்தச் சூத்திரத்தை எழுதிக் கீழே இழுத்தால், சித்திரை வரும் வரியில் ஆண்டு தானாக ஒன்று கூடும்:

```
=IF(B3="சித்திரை",C2+1,C2)
```

மேலே சொன்ன சீட்டில் பத்தாம் தவணைதான் சித்திரை. அது இருப்பது 11-ஆம் வரி. அங்கே C பத்தியில் 2 வந்திருந்தால் கணக்கு சரி. மாதத்தோடு ஆண்டையும் பார்த்துக் கூட்ட SUMIFS இருக்கிறது.

பட்டியலைச் சேர்த்த பிறகும் இழுத்தால் ஒரே மாதமே திரும்பத் திரும்ப வருகிறது என்ற புகார் அடிக்கடி எழும். அப்போது சந்தேகப்பட வேண்டியது செல்லில் இருக்கும் சொல்லைத்தான். பட்டியலில் உள்ள எழுத்துகளும் செல்லில் உள்ள எழுத்துகளும் அப்படியே பொருந்த வேண்டும். பட்டியலில் புரட்டாசி இருந்து, செல்லில் இலங்கை வழக்கப்படி புரட்டாதி என்று எழுதியிருந்தால் எக்செலுக்கு இரண்டும் வேறு வேறு. ஐப்பசியை அய்ப்பசி என்று எழுதினாலும் அதே கதைதான். சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் தட்டிய ஒரு வெற்றிடமும் பொருத்தத்தைக் கெடுக்கும்.

இவற்றைவிட ஏமாற்றுவது பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் இன்றும் பல அலுவலகங்களில் புழங்குகின்றன. திரையில் சித்திரை என்று தெரியும்; செல்லுக்குள் உண்மையில் இருப்பதோ rpj;jpiu என்ற ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை Arial என்று மாற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தச் செல்லை யூனிகோடில் மறுபடி தட்டினால்தான் பட்டியல் அதை அடையாளம் காணும்.

வெற்றிடம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க LEN சூத்திரம் உதவும். ஆனால் அது நாம் எண்ணுவதுபோல் எண்ணாது. கார்த்திகை என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து. LEN 10 என்று சொல்லும். துணைக்கால், புள்ளி, கொம்பு என ஒவ்வொன்றையும் அது தனி எழுத்தாக எண்ணுகிறது. 11 என்று வந்தால் கூடவே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பட்டியலின் நீளத்துக்கும் இந்த எண்ணிக்கை முக்கியம். ஒரு பட்டியல் 255 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். தமிழ் மாதங்கள் பன்னிரண்டும் சேர்ந்து 69 எழுத்துதான். அதனால் கவலையில்லை.

மாதப் பட்டியல் சரியாக ஓடத் தொடங்கியதும் அடுத்து நட்சத்திரங்களைச் சேர்க்கும் ஆசை வரும். கோயில் அர்ச்சனைப் பதிவேடு வைத்திருப்பவர்களுக்கு அசுவினி முதல் ரேவதி வரை 27 பெயர்களும் தினமும் வேண்டும். 198 எழுத்துகள் என்பதால் அதுவும் அளவுக்குள் அடங்கும். இங்கே ஒரு தடுமாற்றம் காத்திருக்கிறது. பௌர்ணமி எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ அதைக்கொண்டே மாதங்களுக்குப் பெயர் வைத்த மரபு நம்முடையது. அதனால் சித்திரை, கார்த்திகை என்ற இரண்டு சொற்கள் மாதப் பட்டியலிலும் நட்சத்திரப் பட்டியலிலும் அப்படியே இருக்கின்றன. வெறும் சித்திரையை வைத்து இழுத்தால் அடுத்து வர வேண்டியது வைகாசியா, சுவாதியா என்று எக்செலுக்கு எப்படித் தெரியும்?

இதே குழப்பம் ஆங்கிலத்திலும் உண்டு. May என்ற சொல் சுருக்கப் பட்டியலிலும் முழுப் பட்டியலிலும் ஒரே மாதிரி இருப்பதால், May-ஐ மட்டும் வைத்து இழுத்தால் முழுப்பெயர் வேண்டியவருக்கும் Jun என்றே வரும். தீர்வு எளிது. இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக இல்லாத பெயரிலிருந்து இழுக்க வேண்டும். மாதம் வேண்டுமானால் முதல் செல்லில் சித்திரையைத் தட்டிவிட்டு, இரண்டாவது செல்லில் வைகாசியைத் தட்டி, அந்த வைகாசியிலிருந்து இழுங்கள். நட்சத்திரமானால் அசுவினியிலிருந்தே இழுப்பது பத்திரம்.

பட்டியலின் முதல் பெயர் எது என்பது இழுக்கும்போது பொருட்டில்லை. எங்கே தொடங்கினாலும் சுற்றி வரும். வரிசைப்படுத்தும்போதுதான் அது முக்கியமாகிறது. மாதப் பத்தியைச் சும்மா A முதல் Z என்று வரிசைப்படுத்தினால் அகர வரிசையில் ஆடி மேலே ஏறி, வைகாசி கடைசிக்குப் போய்விடும். Data, Sort என்று போய், Order என்ற இடத்தில் Custom List-ஐத் தேர்ந்தெடுத்து நம் பட்டியலைக் காட்டினால் சித்திரை முதலாக வரும். இலங்கைத் தமிழர்களிடம் ஜனவரியைத் தை என்றும் டிசம்பரை மார்கழி என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. அப்படிக் கணக்கு எழுதுபவர்கள் பட்டியலைத் தையில் தொடங்கி மார்கழியில் முடித்துச் சேர்ப்பதே சரி. இல்லாவிட்டால் ஆண்டின் முதல் மாதம் அறிக்கையில் பத்தாவது இடத்துக்குப் போய்விடும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பட்டியல் எக்செல் கோப்போடு பயணம் செய்வதில்லை. சேர்த்த கணினியிலேயே தங்கிவிடும். கோப்பை வேறொருவருக்கு அனுப்பினால், ஏற்கெனவே நிரப்பிய மாதங்கள் அப்படியே இருக்கும். அவர் புதிதாக இழுத்தால் மட்டும் பழையபடி சித்திரை, சித்திரை என்று வரும். அலுவலகத்தில் பத்துக் கணினிகள் இருந்தால் பத்திலும் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மெனுவைத் தேடி அலைவதற்குப் பதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மாதங்கள் உள்ள ஷீட்டைத் திறந்துகொண்டு Alt+F11, பிறகு Ctrl+G அழுத்தினால் வரும் சிறு பகுதியில் இந்த ஒற்றை வரியைத் தட்டி Enter கொடுக்கலாம்:

```
Application.AddCustomList Range("A1:A12")
```

மாதப் பெயர்களைக் கட்டளைக்குள்ளேயே எழுதாமல் ஷீட்டிலிருந்து எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் பகுதியில் தமிழைத் தட்டினால் பல கணினிகளில் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். ஏற்கெனவே பட்டியல் இருக்கும் கணினியில் இந்த வரியை மறுபடி இயக்கினாலும் இரட்டிப்பாகாது.

ஆகவே அந்தப் பன்னிரண்டு பெயர்களைத் தட்டிய ஷீட்டை வேலை முடிந்ததும் அழித்துவிடாதீர்கள். தனிக் கோப்பாகச் சேமித்து, பென்டிரைவிலோ மின்னஞ்சலிலோ ஒரு பிரதி வைத்திருங்கள். கணினி மாறும்போது, விண்டோஸை மறுபடி நிறுவும்போது அது தேவைப்படும்.