ஆடும் படத்தை நிறுத்த ஓரத்தைப் பிடியுங்கள்

பழைய சூப்பர் 8 சுருளை ஸ்கேன் செய்து கணினியில் ஓட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது படத்தின் ஆட்டம்தான். கேமராவை முக்காலியில் நிறுத்தி எடுத்த காட்சியில்கூடச் சுவரும் கதவும் இடவலமாக அலையும். இடையிடையே மேலும் கீழும் துள்ளும். எடிட்டிங் மென்பொருளில் உள்ள ‘ஸ்டெபிலைஸ்’ வசதியைத் தட்டினால் ஆட்டம் நிற்கும். ஆனால் படத்தை நகர்த்தியதால் ஓரங்களில் விழும் கறுப்பை மறைக்க, அது படத்தைப் பெரிதாக்கி நாலாபுறமும் வெட்டிவிடும். ஓரத்தில் நின்ற பாட்டியின் முகம் பாதி போய்விடும். எடுத்தவர் வேண்டுமென்றே கேமராவைத் திருப்பிய அசைவும் குலையும். இந்த இரண்டு இழப்பையும் தவிர்க்க முடியும்.

ஆட்டம் இரண்டு இடங்களில் பிறக்கிறது. முதலாவது, படம் எடுத்த கேமரா. 1965-ல் கோடக் கொண்டுவந்த சூப்பர் 8 பிலிமில் ஒரு ஃபிரேமுக்கு ஒரு துளை. கேமராவின் கொக்கி அந்தத் துளையில் மாட்டிப் பிலிமைக் கீழே இழுக்கும். இழுத்த பிறகு பிலிமை அசையாமல் பிடிக்கும் ஊசி பெரும்பாலான கேமராக்களில் கிடையாது. பின்னாலிருந்து பிலிமை அழுத்தும் தகடும் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜின் ஒரு பகுதிதான். அதனால் ஒவ்வொரு ஃபிரேமும் இம்மியளவு வேறுபட்ட இடத்தில் பதிவாகிறது. இரண்டாவது இடம் ஸ்கேனர். சுருங்கி வளைந்த பிலிம் அதன் பாதையில் நேராக ஓடுவதில்லை.

பல ஸ்கேனர்கள் துளையைப் பார்த்து ஃபிரேமை நிலைப்படுத்துகின்றன. துளை பளிச்சென்ற வெள்ளையாகத் தெரிவதால் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் இது ஸ்கேனரின் ஆட்டத்தை மட்டுமே நீக்கும். கேமராவில் பிலிம் நழுவியதால் வந்த ஆட்டம், படத்துக்கும் துளைக்கும் இடையிலான தூரத்திலேயே பதிந்துகிடக்கிறது.

ஃபிரேமைச் சுற்றியுள்ள ஓரத்தைப் பாருங்கள். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள செவ்வகத் திறப்புக்குக் கேட் என்று பெயர். படத்தின் எல்லையை வரைவது அதுதான். பிலிம் நழுவினால் எல்லையும் படமும் சேர்ந்தே நகரும். கை ஆடினால் எல்லை அப்படியே இருக்க, உள்ளே காட்சி மட்டும் நகரும். ஆகவே ஒவ்வொரு ஃபிரேமிலும் இந்த எல்லையை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் கேமராவின் கேட் ஆட்டமும் ஸ்கேனரின் ஆட்டமும் ஒன்றாக நீங்கும். எடுத்தவரின் கையசைவு தொடப்படாமல் மிஞ்சும். அது அவருடையது, இருக்கட்டும்.

இதற்கு எல்லை ஸ்கேனில் தெரிய வேண்டும். அதனால் ஃபிரேமை மட்டும் நெருக்கிப் பிடிக்காமல், சுற்றியுள்ள கறுப்புப் பட்டையும் துளையும் சேர்த்து அகலமாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 2,048 பிக்சல் அகலத்தில் ஃபிரேம் 1,600 பிக்சலை நிரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா ஃபிரேமின் அகலம் ஏறக்குறைய 5.8 மில்லிமீட்டர். பிலிம் 0.05 மில்லிமீட்டர் விலகினால் திரையில் அது சுமார் 14 பிக்சல். நகர்த்த ஓரங்களில் 448 பிக்சல் உபரி இருக்கிறது. படத்திலிருந்து எதையும் வெட்ட வேண்டியதில்லை. முழுச் சுருளையும் நிலைப்படுத்திய பிறகு, எல்லையின் மங்கலான விளிம்பை மட்டும் ஒரே அளவில் ஒருமுறை வெட்டினால் போதும்.

நகர்த்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விலகல் முழு பிக்சலாக இருக்காது. அரை பிக்சல் நகர்த்தும்போது அண்டைப் பிக்சல்கள் கலந்து படம் சற்று மென்மையாகும். அடுத்த ஃபிரேம் முழு பிக்சலில் நகர்ந்தால் கூர்மையாகும். விளைவாகப் பிலிமின் துகள்கள் மின்னி மின்னி மறையும். நகர்த்தல், வெட்டு, அளவு மாற்றம் மூன்றையும் தனித்தனியாகச் செய்தால் மென்மை கூடிக்கொண்டே போகும். மூன்றையும் ஒரே கணக்காக, நல்ல இடைக்கணிப்பு முறையில் செய்ய வேண்டும்.

இருட்டுக் காட்சிகளில் இந்த முறை திணறும். ரிவர்சல் பிலிமில் ஒளி படாத இடம் கறுப்பு, இரவுக் காட்சியின் ஓரமும் கறுப்பு, எல்லை கரைந்துவிடும். அங்கே தெரிகிற ஒரு பக்கத்தையாவது பிடிக்க வேண்டும், அல்லது துளைக்குத் திரும்ப வேண்டும். பிரதியெடுத்த பிலிமில் சிக்கல் இன்னும் பெரிது: கண்ணில் படும் எல்லை பிரதி இயந்திரத்தின் கேட்டாக இருக்கலாம், மூலக் கேமராவின் ஆட்டமோ படத்துக்குள் உறைந்திருக்கும்.

ஏற்கெனவே நெருக்கி ஸ்கேன் செய்த கோப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது, சுருள் தொலைந்துவிட்டது என்றால் காட்சியின் அசைவை வைத்தே திருத்த வேண்டும். ffmpeg பயன்படுத்துபவர்கள் vidstabtransform வடிகட்டியில் optzoom=0, crop=keep, maxangle=0 என்று கொடுத்தால் படம் பெரிதாகாது, சுழலாது; விடுபட்ட ஓரம் முந்தைய ஃபிரேமிலிருந்து நிரப்பப்படும். smoothing=4 என்றால் 9 ஃபிரேம், அதாவது 18 ஃபிரேம் வேகத்தில் அரை நொடி. அதைவிட மெதுவான கேமரா திருப்பல்கள் பெரும்பாலும் தப்பிக்கும்.

வேலை சரியாக நடந்ததா என்று அறிய, எல்லை தெரியும் நூறு ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். உள்ளே காட்சி கலங்கலாகும், அது சரி. எல்லைக்கோடு கூர்மையாக இருக்க வேண்டும். அதுவும் பட்டையாகப் பரவியிருந்தால், எந்த ஃபிரேம்களில் மென்பொருள் எல்லையைத் தவறவிட்டது என்று தேடிக் கையால் திருத்துங்கள். ஒட்டுப்போட்ட இடங்களிலிருந்து தேடலைத் தொடங்குவது நல்லது.