சேமிப்புக் கணக்கின் உண்மை வருவாய்

வங்கிச் சேமிப்புக் கணக்கில் ஒருவர் இட்ட பணம் ஆண்டு முடிவில் வட்டியுடன் சேர்ந்து கூடியிருக்கும். எண்ணிக்கையில் கூடிய அப்பணம் முன்னைவிடக் கூடுதலான பொருள்களை வாங்குமா என்பது வேறு வினா. வங்கி அறிவிக்கும் வட்டி வீதத்தைப் பெயரளவு வட்டி வீதம் என்பர். விலையேற்றத்தையும் வட்டியின்மீது செலுத்தும் வரியையும் கழித்தபின் எஞ்சும் வாங்கும் ஆற்றலே உண்மை வருவாய் ஆகும். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இர்விங் ஃபிஷர் இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக விளக்கினார்.

2022-23ஆம் நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் பாரத ஸ்டேட் வங்கி, சாதாரணச் சேமிப்புக் கணக்குகளுக்கு 2.70 விழுக்காடு வட்டி வழங்கியது. நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின்படி அவ்வாண்டின் சராசரிப் பணவீக்கம் 6.7 விழுக்காடு. ஒருவர் தம் கணக்கில் 1,00,000 ரூபாயை ஆண்டு முழுவதும் எடுக்காமல் வைத்திருந்தார் எனக் கொள்வோம். வட்டி நாள்தோறும் உள்ள இருப்பின்மீது கணக்கிடப்பட்டு, காலாண்டுக்கு ஒருமுறை வரவு வைக்கப்படுகிறது. வட்டிக்கு வட்டியாகச் சேரும் சிறு தொகையை விட்டுவிட்டால் அவருக்குக் கிடைத்த வட்டி 2,700 ரூபாய்.

அடுத்து வரி. சேமிப்புக் கணக்கின் வட்டியில் வங்கி வரியைப் பிடித்தம் செய்வதில்லை. அதனால் அவ்வட்டிக்கு வரியே இல்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது ‘பிற வகை வருமானம்’ என்னும் தலைப்பில் மொத்த வருமானத்துடன் சேர்க்கப்பட வேண்டியதாகும். அவர் புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்து, 20 விழுக்காட்டு வரிப் படிநிலையில் இருந்தார் எனில், அவ்வரியின்மேல் விதிக்கப்படும் 4 விழுக்காட்டு மேல்வரியையும் சேர்த்து 20.8 விழுக்காடு செலுத்த வேண்டும். 2,700 ரூபாய்க்கு அது ஏறத்தாழ 562 ரூபாய். எஞ்சிய வட்டி 2,138 ரூபாய். கையிருப்பு 1,02,138 ரூபாய்.

இப்போது விலைகளைப் பார்ப்போம். ஆண்டின் தொடக்கத்தில் 1,00,000 ரூபாய்க்குக் கிடைத்த பொருள்களின் தொகுதி 6.7 விழுக்காடு விலை உயர்ந்தால், அதே தொகுதியை வாங்க 1,06,700 ரூபாய் வேண்டும். கையில் உள்ளதோ 1,02,138 ரூபாய். இங்கே நிகர வட்டி வீதமாகிய 2.14 இலிருந்து 6.7 ஐக் கழித்து, இழப்பு 4.56 விழுக்காடு என்று கூறுவது வழக்கம். விரைவான மதிப்பீட்டுக்கு அது போதும், ஆனால் துல்லியமானதன்று. ஆண்டு முடிவில் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும், அசலாயினும் வட்டியாயினும், உயர்ந்த விலையிலேயே செலவாகிறது. ஆகவே வகுத்தலே முறை:

1,02,138 ÷ 1.067 = 95,724

அதாவது, அவருடைய பணம் ஆண்டின் தொடக்க விலையில் 95,724 ரூபாய்க்கு உரிய பொருள்களையே வாங்கும். உண்மை வருவாய் ஏறத்தாழ −4.28 விழுக்காடு.

அவர் பழைய வரிமுறையில் இருந்திருந்தால், வருமான வரிச் சட்டத்தின் 80டிடிஏ பிரிவின்படி சேமிப்புக் கணக்கு வட்டியில் 10,000 ரூபாய் வரை கழித்துக்கொண்டிருக்கலாம். இந்த 2,700 ரூபாய்க்கு வரியே இராது. அப்போதும் 1,02,700 ஐ 1.067 ஆல் வகுத்தால் 96,251 ரூபாயே வருகிறது. எனவே இழப்பின் பெரும்பகுதி வரியால் வந்ததன்று, பணவீக்கத்தால் வந்தது.

வட்டி வீதம் உயரும்போது வரியின் பங்கு வெளிப்படுகிறது. 1,00,000 ரூபாய்க்கு 7 விழுக்காடு வட்டி தரும் நிலை வைப்பு ஒன்றைக் கருதுவோம். பணவீக்கம் 5 விழுக்காடு. வைப்பாளர் 30 விழுக்காட்டு வரிப் படிநிலையில் இருப்பவர். வட்டி 7,000 ரூபாய். அதில் 5,000 ரூபாய் விலையேற்றத்தை ஈடுசெய்வதற்கே போய்விடும். மெய்யான ஆதாயம் 2,000 ரூபாய் மட்டுமே. வரியோ 7,000 ரூபாய் முழுவதன்மீதும் விதிக்கப்படுகிறது. மேல்வரியுடன் அது 2,184 ரூபாய். ஆதாயத்தைவிட வரி மிகுந்துவிடுவதால், நல்ல வட்டி எனத் தோன்றும் வைப்பிலும் வைப்பாளர் 184 ரூபாய் குறைவுடன் நிற்கிறார். வரிச் சட்டம் வட்டியைப் பெயரளவிலேயே பார்ப்பதன் விளைவு இது.

இக்கணக்கில் பயன்படும் பணவீக்க வீதம் ஒரு சராசரி என்பதையும் கருத வேண்டும். 2022-23இல் வழக்கிலிருந்த, 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டெண்ணில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 விழுக்காடு எடை தரப்பட்டிருந்தது. வருமானத்தில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் ஏழைக் குடும்பத்துக்கு, உணவுப்பொருள் விலை மற்றவற்றைவிட விரைந்து ஏறும் ஆண்டில் உண்மை இழப்பு இதனினும் மிகும். கல்விக் கட்டணமும் மருத்துவச் செலவும் மிகுந்த குடும்பத்தின் கணக்கு வேறாக அமையும்.