சீட்டு அட்டையும் தனிக் கணக்கும்

தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிக்கான சீட்டு தொடங்கிவிடும். 1980களிலும் 90களிலும் தமிழ்நாட்டின் பல தெருக்களில் ஒரு சீட்டுக்கார அக்கா இருந்தார். வாரம் பத்தோ இருபதோ அவரிடம் கட்ட வேண்டும். கட்டம் போட்ட அட்டையில் வாரத்துக்கு ஒரு கையெழுத்து விழும். ஐப்பசி பிறந்ததும் எண்ணெய், சர்க்கரை, மைதா, பருப்பு, ஒரு பெட்டி பட்டாசு என்று கைக்கு வந்துசேரும். கூடவே எவர்சில்வர் தூக்குவாளி தருகிறவர்களும் உண்டு.

அந்தச் சீட்டுக்கு வட்டி கிடையாது. ஆனாலும் ஜனங்கள் கட்டினார்கள், ஏனென்றால் கூலி வாங்கும் சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வாசலில் வந்து நிற்பார். பக்கத்து வீட்டுக்காரி கட்டும்போது நாம் மட்டும் "அடுத்த வாரம்" என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். நடுவில் அவசரம் என்று கேட்டாலும் பணத்தைத் திருப்பி எடுக்க முடியாது. இந்த இரண்டு கட்டாயங்களுக்குத்தான் வட்டியை விட்டுக்கொடுத்தார்கள் என்பேன்.

அக்காவின் வருமானம் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதில்லை. மளிகையை மொத்த விலைக்கு எடுப்பதில் ஒரு பங்கு, சேர்ந்த பணத்தை இடையில் வட்டிக்கு விடுவதில் இன்னொரு பங்கு. அந்த இரண்டாவதுதான் ஆபத்து. வட்டிக்கு வாங்கியவர் கைவிரித்தால் தீபாவளிக்கு முந்தைய வாரம் அக்கா வீட்டில் பூட்டுத் தொங்கும். பின்னாளில் இது தெருவைத் தாண்டி, முகவர்களை வைத்து ஆயிரக்கணக்கானோரிடம் வசூலிக்கும் தொழிலாக வளர்ந்தது. மொத்த விலையில் பார்த்தாலும் கட்டிய தொகையைவிடக் கூடுதலான பொருளும் தங்கக் காசும் தருவதாகச் சொன்னாலே சந்தேகப்பட வேண்டும். அந்தக் கூடுதல் அடுத்து வந்து சேர்கிறவரின் பணத்திலிருந்துதான் வர முடியும். ஏலச்சீட்டுக்கு 1982 சட்டப்படி பதிவு உண்டு. இந்தப் பண்டிகைச் சீட்டுகள் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. ஒழுங்குமுறைக்குள் வராத வைப்புத் திட்டங்களைத் தொழிலாக நடத்துவதை 2019 சட்டம் தடை செய்கிறது.

அன்று சீட்டு பண்டிகையை மட்டும் பார்த்துக்கொண்டது. பள்ளிக்கூடம் பெரும்பாலும் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோதான். ஜூன் மாத நோட்டுப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் குறைந்தால் ஒரு ஜோடிக் கம்மல் அடகுக் கடைக்குப் போய்வரும். எல்ஐசி பிரீமியத்தை முகவரே நினைவூட்டுவார். அரசு ஊழியருக்குப் பண்டிகை முன்பணம் உண்டு. முதலில் செலவழித்துவிட்டு மாதாமாதம் பிடித்தம் கொடுப்பது. சேர்த்துவைப்பதற்கு நேர் எதிரான வழி, ஆனால் வட்டியில்லை என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

இன்று தேதி தெரிந்தே வரும் செலவுகள் பெருத்துவிட்டன. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கணக்குப் போடுவோம். ஜூனில் தனியார் பள்ளியின் முதல் தவணை 24,000. ஆகஸ்டில் இருசக்கர வாகனக் காப்பீடு 3,000. அக்டோபரில் இரண்டாம் தவணை 18,000. தீபாவளி 20,000. பொங்கல் 6,000. பிப்ரவரியில் மருத்துவக் காப்பீடு 21,000. மார்ச்சில் எல்ஐசி 16,000. மொத்தம் 1,08,000; பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,000.

பலரும் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். ஜனவரியில் ஒதுக்கத் தொடங்கினால் என்ன ஆகிறது பாருங்கள். முதல் 9,000இல் பொங்கலுக்கு 6,000 போய் 3,000 மிஞ்சும். பிப்ரவரியில் அது 12,000 ஆகும். கட்ட வேண்டியதோ 21,000. மார்ச்சில் எல்ஐசியும் சேர்ந்து பள்ளம் 16,000க்கு இறங்கிவிடும். ஆண்டுக் கணக்கு சரி, ஆனால் பணம் வருவதற்குள் செலவு வந்துவிட்டது. இரண்டே மாதத்தில் கடன் வாங்கியவர், "இந்தத் திட்டமெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுவார். ஜனவரியில்தான் தொடங்க வேண்டுமென்றால், அந்த ஆழமான பள்ளத்தின் அளவு, அதாவது 16,000, முதலிலேயே கையில் இருக்க வேண்டும். போனஸ் வந்தால் அதற்கு இதுதான் இடம்.

அதே குடும்பம் ஏப்ரலில் தொடங்கட்டும். ஜூனில் 27,000 சேர்ந்து, பள்ளிக்குக் கட்டியபின் 3,000 மிஞ்சுகிறது. ஆகஸ்ட் முடிவில் 18,000. அக்டோபரில் 36,000 சேர்ந்து, தவணை போக மீண்டும் 18,000. 2026இல் தீபாவளி நவம்பர் 8. அந்த மாத 9,000ஐயும் சேர்த்தால் பண்டிகை போக 7,000 நிற்கும். பொங்கலும் பிப்ரவரிப் பிரீமியமும் தாண்டி, மார்ச்சில் எல்ஐசி கட்டும்போது கணக்கு சரியாகப் பூஜ்யத்துக்கு வரும். முன்பணமே தேவைப்படவில்லை. எந்த மாதம் தொடங்குவது என்பதை, மாதாமாத இருப்பை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தப் பணத்தை எங்கே வைப்பது? ஆர்டி என்று உடனே சொல்வார்கள். ஆர்டிக்கு முதிர்வு ஒரே நாள். நம் செலவுக்கோ ஏழு தேதி. அஞ்சலக ஆர்டி ஐந்து ஆண்டு ஓடுவது, இதற்குப் பொருந்தாது. தீபாவளிக்கு மட்டும் வங்கியில் ஓராண்டு ஆர்டி போடுவதில் தப்பில்லை. மற்றபடி ஏழு செலவுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும்: சம்பளம் வந்த மறுநாளே 9,000 தானாக அங்கே மாறும்படி வங்கியில் சொல்லிவைக்க வேண்டும். அந்தக் கணக்கைச் செல்போனில் யுபிஐயோடு இணைக்கக் கூடாது. இணைத்துவிட்டால் மளிகைக் கடை வாசலில் நின்றபடியே பள்ளிக் கட்டணம் கரைந்துபோகும். அட்டைக் கட்டத்தில் இருந்த கட்டாயத்தை இன்று நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாசலில் வந்து நிற்க யாருமில்லை.

சேர்த்துவைப்பதால் கிடைக்கும் நேரடி லாபம் பிரீமியத்தில் தெரியும். எல்ஐசியின் பல திட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் அட்டவணைப் பிரீமியத்தில் 2 சதவீதம் தள்ளுபடி. மாதாமாதம் கட்டினால் அது கிடையாது. ஆண்டுத் தவணைக்குச் சலுகை நாள் 30, மாதத் தவணைக்கு 15. மருத்துவக் காப்பீட்டில் இன்னும் கவனம் வேண்டும். சலுகை நாட்களுக்குள் கட்டினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் வீணாகாது. ஆனால் ஆண்டுப் பிரீமியம் கட்டுகிறவருக்கு, தேதி தாண்டியதிலிருந்து பணம் கட்டும் நாள் வரை காப்பு இல்லை. அந்த இடைவெளியில் மருத்துவமனையில் சேர்ந்தால் செலவு முழுக்க நம்முடையது. அதனால் ஏழு செலவுகளில் எதைத் தள்ளலாம் என்று இழுபறி வந்தால் பட்டாசில் கைவையுங்கள், இதில் வேண்டாம்.

மார்ச் முடிவில் ரசீதுகளை எடுத்துவைத்து 9,000ஐ மாற்றியாக வேண்டும். பள்ளிக் கட்டணம் ஏறும். வயது அடுத்த படிக்குப் போகும் ஆண்டில் மருத்துவப் பிரீமியம் ஒரேயடியாக உயரும். தீபாவளியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2027இல் அது அக்டோபர் கடைசியிலேயே வந்துவிடுகிறது, இரண்டாம் தவணை கட்டும் அதே மாதம். பழைய 9,000ஐயே தொடர்ந்தால், 36,000 இருக்கும் கணக்கிலிருந்து 38,000 எடுக்க வேண்டிவரும்.