"வீடியோ போட்டுடுவேன்" என்று சொல்லும் வாடிக்கையாளர்

2008 மார்ச் மாதம் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து அமெரிக்காவின் ஒமஹாவுக்கு யுனைடெட் விமானத்தில் போய்க்கொண்டிருந்தார் டேவ் கரோல் என்ற பாடகர். நடுவில் சிகாகோவில் விமானம் மாற வேண்டும். அங்கே பின்னிருக்கையில் இருந்த பெண்மணி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கித்தார்களைத் தூக்கி எறிகிறார்கள் என்று சத்தம் போட்டார். கரோல் அடுத்தடுத்து மூன்று ஊழியர்களிடம் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் போய்ப் பெட்டியைத் திறந்தால் கித்தார் உடைந்திருந்தது. சரிசெய்ய ஆன செலவு 1,200 டாலர்.

அடுத்த ஒன்பது மாதங்கள் அந்தப் புகார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை, ஆகவே ஒன்றும் செய்ய முடியாது என்று கடைசியில் கையை விரித்தார்கள். அப்போதுதான் அவர், இதைப் பற்றி மூன்று பாட்டு எழுதி வீடியோவாக வெளியிடுகிறேன் என்று அந்த அதிகாரியிடமே சொன்னார். 2009 ஜூலை 6-ஆம் தேதி முதல் பாட்டு யூடியூபில் வந்தது. ஒரே நாளில் சுமார் ஒன்றரை லட்சம் முறை பார்க்கப்பட்டது. அதன்பிறகு நிறுவனம் நஷ்டஈடு தர முன்வந்தபோது, பணத்தை ஏதாவது தர்ம காரியத்துக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார் கரோல்.

அவர் முதலில் புகார் சொன்ன இடம் சிகாகோ விமான நிலையம். அங்கே யாராவது ஒருவர் ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தால், பின்னால் அந்த 24 மணி நேர விதி குறுக்கே வந்திருக்காது. ஊரறியச் சொல்லிவிடுவேன் என்று எச்சரிப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தவர்கள்தான். ஆகவே கவுன்டரில் இருப்பவர் பிரித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒன்று குறை, இன்னொன்று மிரட்டல். குறைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதை ஒரு கற்பனைச் சம்பவத்தில் வைத்துப் பார்க்கலாம். மதுரையில் சித்திரைத் திருவிழா நேரம், நடுத்தர ஓட்டல் ஒன்று, இரவு 11 மணி. கோவையிலிருந்து ஒரு குடும்பம் வந்து நிற்கிறது. கூடவே வயதான அம்மா. ஆப் மூலம் ஏசி அறைக்கு 3,600 ரூபாய் முன்பே கட்டியாகிவிட்டது. ஆனால் அந்த அறையில் ஏற்கெனவே இருந்தவர் இன்னொரு நாள் நீட்டித்துவிட்டார். பகல் ஷிஃப்டில் இருந்தவர் முன்பதிவைக் கவனிக்கவில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஏசி இல்லாத அறை. குடும்பத் தலைவர் செல்போனை உயர்த்திப் பிடித்துப் பதிவுசெய்யத் தொடங்குகிறார். "தம்பி, உங்க ஓட்டல் லட்சணத்த இப்பவே ஊருக்கே காட்டுறேன் பாரு."

இந்த இடத்தில் வாயில் வரும் இரண்டு பதில்கள் ஆபத்தானவை. "போடுங்க சார், எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்பது முதலாவது. வீடியோவில் ஊர் பார்க்கப்போவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். "போட்டுடாதீங்க சார், ஆயிரம் ரூபா தர்றேன்" என்பது இரண்டாவது. இது வாயடைக்கக் கொடுத்த பணம் என்று பதிவாகிவிடும். போதாததற்கு, மோசமான விமர்சனத்தை நீக்கவோ மாற்றவோ சலுகை தருவது கூகுளின் விதிகளுக்கும் எதிரானது. போனைத் தட்டிவிடுவதோ மறைப்பதோ கூடவே கூடாது. பக்கத்தில் நிற்கும் மற்ற விருந்தினர்கள் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்கலாம். அதற்கு முன், மற்றவர்களின் பெயரும் அறை எண்ணும் தெரியும் கணினித் திரையைத் திருப்பிவைத்து, பதிவேட்டை மூடிவிட வேண்டும்.

பழகிய ரிசப்ஷனிஸ்ட் அவர் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். பிறகு புக்கிங் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வார். "ஏசி ரூமுக்கு மூவாயிரத்து அறுநூறு கட்டியிருக்கீங்க, ரூம் எங்ககிட்ட இல்ல. தப்பு எங்களுதுதான் சார்" என்பார். கேட்டதைத் திருப்பிச் சொன்னதும் குரல் பாதி இறங்கிவிடும். சொன்னது காதில் விழுந்ததா என்ற சந்தேகத்தில்தான் பலர் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். ஆப்காரன் தப்பு, பகல் ஷிஃப்ட் தப்பு என்று சொல்வதில் பயனில்லை. விருந்தினருக்குப் பகல் ஷிஃப்ட் யாரென்று தெரியாது. மிரட்டலுக்கு ஒரே வரிதான்: "எழுதுறது உங்க உரிமை சார். முதல்ல அம்மா படுக்க ஒரு இடம் பாத்துடுவோம்."

அடுத்து இரண்டு வழிகளை வைக்க வேண்டும். இதே தரத்தில் பக்கத்து ஓட்டலில் அறை; கூடுதல் வாடகையும் வண்டிச் செலவும் இவர்களுடையது. இல்லையென்றால் இன்றிரவு ஏசி இல்லாத அறை. வித்தியாசத் தொகை திரும்ப வரும், நாளைப் பகலில் ஏசி அறைக்கு மாறிக்கொள்ளலாம். பக்கத்து ஓட்டலுக்கு ரிசப்ஷனிஸ்டே போன் செய்து, அறை எண்ணையும் பேசியவர் பெயரையும் வாங்கிக்கொண்ட பிறகே குடும்பத்தை வண்டியில் ஏற்ற வேண்டும். அங்கேயும் அறை இல்லை என்று ஆகிவிட்டால், இரண்டாவது வீடியோவை யாராலும் தடுக்க முடியாது. பணம் விஷயத்திலும் நிஜத்தையே சொல்ல வேண்டும். ஆப்பில் கட்டிய பணத்தை அந்த ஆப்தான் திருப்ப முடியும், அதற்குச் சில நாள் பிடிக்கும். "இன்னிக்கே வந்துடும்" என்ற சமாதானம் மறுநாளே பொய்யாகும். அவர் கண்ணெதிரே ஆப் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பி, கோரிக்கை எண்ணைக் கையில் கொடுப்பது நல்லது.

இத்தனையையும் செய்ய ரிசப்ஷனிஸ்டுக்கு அதிகாரம் வேண்டும். "மேனேஜர் காலைலதான் வருவார்" என்பதுதான் பல கவுன்டர்களில் நெருப்பைக் கிளப்பும் பதில். அதைச் சொல்லும் ஊழியர்மீது பழி போடுவது நியாயமே இல்லை. கையில் நூறு ரூபாய்கூட விட்டுக்கொடுக்க முடியாதவரைக் கோபத்துக்கு முன்னால் நிறுத்தியது முதலாளி. ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க மேலிடத்தைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவிடும் அதிகாரம் சாதாரண ஊழியருக்கும் உண்டு. நம்மூர் ஓட்டலுக்கு அது தாங்காது. ஆனால் அன்றைய வாடகை அளவுக்காவது எழுத்தில் அனுமதி கொடுத்துவைக்கலாம்.

வேறு மாதிரி ஆட்களும் உண்டு. இரண்டு நாள் தங்கி, எதைப் பற்றியும் வாய் திறக்காமல், பில் கட்டும்போது "பாதி குறைங்க, இல்லேன்னா ஒரு ஸ்டார்தான்" என்பவர்கள். என்ன குறை என்று கேட்டால் பெட்ஷீட் என்பார்கள், ஆளை அனுப்பிப் பார்க்கலாம் என்றால் வைஃபை என்பார்கள், பிறகு டிபன். குறை நழுவிக்கொண்டே போகும், தொகை மட்டும் மாறாது. இவர்களிடம் பணிவாக மறுத்துவிட்டு, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் எல்லாவற்றையும் லாக் புக்கில் எழுதிவைக்க வேண்டும். டிரிப்அட்வைசரில் இப்படி மிரட்டுபவர்களைப் பற்றி ஓட்டல்காரர்கள் புகார் கொடுக்கவே தனி வசதி இருக்கிறது. விமர்சனம் வெளிவரும் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஆனால் கோபப்படுகிறவரை எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. குறையைக் காட்ட முடிகிறவர் கத்தினாலும், தள்ளுபடி கேட்டாலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்வேன் என்றாலும் அவர் புகார்தாரர்தான். அந்த எண் இருப்பதே அதற்காகத்தான்.

இவ்வளவு செய்தும் கோவைக்காரர் ஒரு ஸ்டார் போட்டு எழுதலாம். அப்போது ஓட்டல் எழுதும் பதில் நான்கு வரிக்கு மேல் போக வேண்டாம்: என்ன தவறு நடந்தது, அன்றிரவு என்ன செய்தோம், பணம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யாரை எந்த எண்ணில் அழைக்கலாம். அவர் பெயரோ, அறை எண்ணோ, கூட யார் வந்தார்கள் என்பதோ அதில் இருக்கக் கூடாது. பணம் திரும்ப வந்துவிட்டதா என்று மூன்றாம் நாள் ஓட்டலிலிருந்தே அவருக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதை, அன்றிரவு ஷிஃப்ட் மாறும்போதே லாக் புக்கில் பெயர் போட்டு எழுதிவிட வேண்டும்.